பத்தாவது கட்டில் வரை லாபம் இல்லை

சென்னை சோழிங்கநல்லூர் பக்கம் நான்கு அறை வீடு ஒன்றை எடுத்து, அறைக்கு மூன்று பேராக 12 பெண்களுக்கு பி.ஜி. நடத்துவதாக ஒரு கணக்குப் போடுவோம். வாடகை, சமையலம்மா, துப்புரவு, மின்சாரம், தண்ணீர் லாரி எல்லாம் சேர்ந்து மாதம் 60,000 ரூபாய். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது போகும். ஒருவரிடம் 8,500 வாங்கி, சாப்பாட்டுச் சாமானுக்கு 2,500 கழித்தால் மிஞ்சுவது 6,000. ஆக, முதல் 10 பேர் தரும் பணம் செலவுக்கே சரி. கடைசி இரண்டு கட்டில்கள்தான் லாபம்: மாதம் 12,000.

கட்டில், மெத்தை, பூட்டுள்ள அலமாரிக்கு ஆளுக்கு 15,000. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், வாட்டர் ஃபில்டருக்கு 60,000. மொத்தம் 2,40,000. வீடு நிரம்பியிருந்தால் 20 மாதத்தில் எடுத்துவிடலாம். ஒரு கட்டில் எப்போதும் காலியென்றால் 40 மாதம். அதற்குள் மெத்தையே அமுங்கிவிடும்!

அதனால் விதிகளில் முக்கியமானது இரவு கேட் பூட்டும் நேரம் அல்ல. காலி செய்ய ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பதுதான். சொல்லாமல் போனால் ஒரு மாத அட்வான்ஸ் திரும்பாது என்பதைச் சேரும் அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஏ.சி. அறைக்குத் தனி சப்-மீட்டர் வையுங்கள். பாதிச் சண்டை குறையும்.

பெண்கள் விடுதிக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் கட்டாயம். கட்டில் வாங்குமுன் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.