முழுப் பணம் தராமல் வாங்கியவர்கள்

1636 குளிர்காலத்தில் ஹாலந்தின் மதுக்கடைகளில் துலிப் கிழங்குகள் கைமாறின. கிழங்கோ மண்ணுக்குள் இருந்தது. கோடையில் தோண்டும்போதுதான் பணம் தர வேண்டும். கையில் காசில்லாதவரும் வாங்கலாம், மறுநாளே விற்கலாம். 1637 பிப்ரவரியில் ஹார்லெம் நகரில் வாங்க ஆளில்லை. வியாபாரம் நின்றது.

லண்டனில் 1720-ல் நடந்தது இதைவிடப் பெரியது. சவுத் சீ கம்பெனியின் பங்கு ஜனவரியில் சுமார் 128 பவுன். கோடையில் 1000-ஐத் தொட்டது. ஜூனில் 1000 பவுனுக்குப் புதுப் பங்கு விற்றபோது பத்தில் ஒரு பங்கு முன்பணம் போதும், மீதி தவணையில். போதாததற்குத் தன் பங்கையே அடமானமாக வாங்கிக்கொண்டு கம்பெனி கடனும் கொடுத்தது. அந்தக் கடனும் பங்கு வாங்கவே போனது. வியாபார லாபம் ஏறவில்லை, விலை மட்டும் ஏறியது. எனக்கு இதுதான் மிகத் தெளிவான அபாய அறிகுறி.

தவணை கட்டப் பணம் தேடியவர்கள் விற்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. செப்டம்பர் முடிவில் 200-க்கும் கீழே. ஐசக் நியூட்டன் முதலில் நல்ல லாபத்தில் விற்று வெளியேறியவர். ஏறுவதைப் பார்த்து அதிக விலைக்கு மறுபடி வாங்கிப் பெருந்தொகை இழந்தார். 1721-ல் பாராளுமன்றம் இயக்குநர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்தது.