பணம் எந்த இடத்தில் நின்றது?

சித்தூர் பக்கத்துப் புத்தலப்பட்டில் மாங்கூழ் ஆலையொன்றில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர், கூலி வாங்கிய கையோடு குடியாத்தத்தில் இருக்கும் மனைவிக்கு யூ.பி.ஐ. மூலம் 2,000 ரூபாய் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. ஊரில் போய்ச் சேரவில்லை. பணம் எந்த இடத்தில் நின்றது?

பார்வைக்கு இது ஒரே வேலை. உள்ளே நடப்பதோ அஞ்சல் பை பல கை மாறுவது போன்றது. கைப்பேசிச் செயலி, அதற்குத் துணை நிற்கும் வங்கி, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமான என்.பி.சி.ஐ., அனுப்புபவரின் வங்கி, பெறுபவரின் வங்கி என்று செய்தி கைமாறுகிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் மீண்டும் பல சிறு சேவைகள். அவை வெவ்வேறு கணினிகளில் ஓடுகின்றன. ஏதேனும் ஒன்று தாமதித்தாலும் தொழிலாளியின் திரையில் தெரிவது "நிலுவை" என்ற ஒரே சொல்தான்.

மூன்று வகைப் பதிவுகள்

கோளாறு எங்கே என்று கண்டறியப் பொறியாளர்கள் மூன்று வகைப் பதிவுகளை வைத்திருக்கிறார்கள். முதலாவது அளவீடு. நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கை, எத்தனை தோல்வி, எவ்வளவு தாமதம் என்ற எண்கள் இவை. இரண்டாவது லாக் எனப்படும் நிகழ்ச்சிக் குறிப்பு. இன்ன நேரத்தில் இன்னது நடந்தது என்று ஒவ்வொரு சேவையும் எழுதி வைக்கும் வரிகள் அவை. மூன்றாவது டிரேஸ் எனப்படும் தடம். ஒரே ஒரு கோரிக்கை எந்தெந்தச் சேவையைத் தொட்டது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை அது காட்டும்.

தடம் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. முதல் சேவை கொடுக்கும் அடையாள எண்ணை, அடுத்தடுத்த சேவைகள் எல்லாம் மாற்றாமல் கடத்த வேண்டும். தம் லாக் வரிகளிலும் அதையே எழுத வேண்டும். நடுவில் ஒரு சேவை கடத்தத் தவறினால் தடம் அங்கேயே அறுந்துபோகும்.

நம் தொழிலாளியின் தடத்தைப் பார்ப்போம். செயலியில் 0.1 வினாடி. அவர் வங்கி பணத்தைக் கழிக்க 0.9 வினாடி. பெறுபவரின் வங்கியில் 10 வினாடி காத்தும் பதில் இல்லை. ஆக, இடம் தெரிந்துவிட்டது. அந்த வங்கிப் பொறியாளர் அதே எண்ணை வைத்துத் தம் லாக்கில் தேடுகிறார். "தரவுத்தள இணைப்பு கிடைக்கவில்லை" என்று ஒரு வரி அகப்படுகிறது. அளவீட்டைப் பார்த்தால், அந்த நேரத்தில் எல்லா இணைப்புகளும் நிரம்பியிருந்தது புலனாகிறது. இப்படி மூன்றும் சேர்ந்தபோதுதான் காரணம் கைக்கு வந்தது.

ஏப்ரல் 12 சொன்ன பாடம்

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. நாடு முழுவதும் யூ.பி.ஐ. பல மணி நேரம் தடுமாறியது. என்.பி.சி.ஐ. ஆராய்ந்தபோது வெளிவந்த காரணம் வியப்பானது. பணம் அனுப்பும் கோரிக்கைகள் அல்ல, "அந்தப் பணம் போயிற்றா?" என்று வங்கிகளின் கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்பிய நிலை விசாரணைகளே வெள்ளமாய் வந்து அமைப்பை மூச்சுத் திணறச் செய்திருந்தன. பழைய பரிவர்த்தனைகளைப் பற்றிக்கூட கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் தாமதமானால் மீண்டும் கேட்பது, மீண்டும் கேட்பதால் மேலும் தாமதம் என்று சுழல் வளர்ந்தது.

மொத்தக் கோரிக்கைகளை ஒரே எண்ணாக அளந்தால் இது பிடிபடாது. கூட்டம் அதிகம் என்றுதான் தோன்றும். கோரிக்கையின் வகைவாரியாகவும் வங்கிவாரியாகவும் பிரித்து எண்ணினால்தான், எது வீங்கியது, யாரிடமிருந்து வந்தது என்று தெரியும். அதன்பின் வந்த விதிப்படி, ஒரு பரிவர்த்தனையின் நிலையை 2 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 3 முறையே விசாரிக்கலாம்.

எல்லைகளும் உண்டு

எல்லாத் தடங்களையும் சேமிக்க இடமும் பணமும் ஏராளம் வேண்டும். கூகுள் நிறுவனம் 2010இல் வெளியிட்ட "டாப்பர்" என்ற தடமறி முறையில் 1,024 கோரிக்கைகளில் ஒன்றை மட்டுமே பதிந்தார்கள். அப்படிச் செய்தால் நம் தொழிலாளியின் 2,000 ரூபாய் தவறிப்போக வாய்ப்பு அதிகம். ஆகவே தோல்வியுற்றவற்றையும் தாமதமானவற்றையும் முழுமையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றில் மாதிரி எடுப்பவர்கள் உண்டு. கணினிகளின் கடிகாரங்கள் சிறிது முன்பின்னாக ஓடினாலும் வரிசை குழம்பும். லாக்கில் ரகசிய எண்ணை எழுதவே கூடாது. தவிர, ஒரு வங்கியின் உள்தடத்தை மற்றவர் பார்க்க முடியாது. 10 வினாடி பதிலில்லை என்பது மட்டுமே வெளியே தெரியும்.

நிறுவனம் விட்டு நிறுவனம் தேட உதவுவது, செய்தியோடு செல்லும் குறிப்பு எண்தான். திரையில் 12 இலக்கத்தில் தெரியும் எண் அதுவே. பணம் கழிந்து, எதிர்க் கணக்கில் வரவாகாவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்பிவர வேண்டும். தவறினால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இட்ட உத்தரவு. புகார் எழுதும்போது தேதி, தொகை ஆகியவற்றோடு அந்த 12 இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தால், தேடுகிறவர் கையில் நூலின் நுனி இருக்கும்.