பெரிய காயெல்லாம் நல்ல காயா?

போடிநாயக்கனூர் கடைகளில் 'எட்டு எம்.எம்.' ஏலக்காய்க்குத் தனி மரியாதை. எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் விழாமல் மேலே தங்கிய காய் அது. விலையும் அதற்கேற்ப ஏறும். ஆனால் சல்லடைக்குத் தெரிவது பருமன் மட்டும்தான். மணம் உள்ளே இருக்கும் ஏலரிசியில் இருக்கிறது. தோல் பருத்து, அரிசி சுருங்கிப்போன காயும் அதே சல்லடையில் கம்பீரமாக நிற்கும்.

அதனால்தான் வியாபாரிகள் 'லிட்டர் வெயிட்' பார்க்கிறார்கள். அக்மார்க் தரத்தில் 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்ற பெயர் கிடைக்க, காய் 7 மில்லிமீட்டர் இருந்தால் மட்டும் போதாது. ஒரு லிட்டர் படி நிறைய அளந்தால் 435 கிராமாவது எடை இருக்க வேண்டும். வீட்டிலும் ஏறக்குறைய இதைச் செய்து பார்க்கலாம். 200 மில்லி டம்ளரில் தலைதட்டி நிரப்பினால் 87 கிராம் வாக்கில் நிற்க வேண்டும். 70 கிராம்தான் என்றால் லிட்டருக்கு 350. காய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதில் பொக்கு அதிகம். பாயசத்துக்குத் தட்டிப்போட, எடையுள்ள ஏழு எம்.எம். காயே தாராளம். எட்டு எம்.எம். பெரும்பாலும் பார்வைக்குத்தான்.

பச்சை நிறத்தை மட்டும் நம்ப முடியாது. வெயிலில் காய்ந்த காய் வெளிறும், உலர்கூடத்தில் மிதமான சூட்டில் காய்ந்தது பச்சையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சாயம் ஏற்றியும் பச்சையாக்குகிறார்கள். ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்தால் சாயம் ஒட்டும். நான்கைந்து காயைப் பிளந்து பார்ப்பது அதைவிட நல்லது. புதுக் காயின் அரிசி கருத்து, பிசுபிசுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பழசில் அரிசி பழுப்பேறி, உலர்ந்து, பொலபொலவென உதிரும்.

மிளகில் நாக்கு நம்மை ஏமாற்றிவிடும். காரம் தரும் பைப்பரின் எளிதில் ஆவியாகாது. மணம் தரும் எண்ணெய்தான் பறந்துபோகும். ஆகவே பழைய மிளகும் சுரீரென்று உறைக்கும். இரண்டு மணியை நசுக்கி முகர்ந்தால்தான் வயது தெரியும். தண்ணீரில் போட்டுக் கலக்கினால் பொக்கு மிளகும் பப்பாளி விதையும் மிதக்கும். மிதப்பதைக் கடித்துப் பாருங்கள். பப்பாளி விதையில் மிளகின் மணம் இருக்காது.

கிராம்பின் தலைமொட்டு உதிராமல் இருக்க வேண்டும். காம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிந்து விரலில் ஒட்டும். எண்ணெய் வடித்த சக்கையைக் கலந்து விற்பதும் நடக்கிறது. அது சுருங்கி, எடையற்று, தண்ணீரில் படுத்தபடி மிதக்கும். நல்ல கிராம்பு மூழ்கும், அல்லது தலைமேலாகச் செங்குத்தாக நிற்கும்.

இடுக்கி ஏலக்காய் அறுவடை ஆவணி வாக்கில் தொடங்கித் தை வரை நடக்கும். புது மிளகு மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும். அந்த மாதங்களில், முழுதாக, மூன்று நான்கு மாதங்களுக்கு ஆகும் அளவு வாங்கினால் போதும்.