66 புள்ளிகளும் ஒரு நேர்கோடும்

1882ஆம் ஆண்டு, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். பொட்டோமாக் ஆற்றின் ஒரு கரையில் ஃபோர்ட் மையர் என்ற ராணுவ முகாம். மறுகரையில், அப்போது கட்டி முடிக்கப்படாமல் இருந்த வாஷிங்டன் நினைவுத் தூண். முகாமில் வேகமாகச் சுழலும் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு வானியல் அறிஞர் சைமன் நியூகோம் ஒளியின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். ஒளிக்கீற்று ஆற்றைக் கடந்து, தூணடியில் இருந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பும். போக வர சுமார் 7,400 மீட்டர். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 25 பங்கு.

அவர் அளந்து எழுதிவைத்த 66 அளவீடுகள் இன்றும் புள்ளியியல் பாடநூல்களில் இருக்கின்றன. எளிமைக்காக ஒவ்வொன்றிலிருந்தும் 24,800 நானோநொடியைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதுவது வழக்கம். 28, 26, 33, 24, 34 என்று பட்டியல் தொடங்குகிறது. ஆறாவது எண் −44. பத்தாவது எண் −2. மற்ற 64 எண்களும் 16-க்கும் 40-க்கும் இடையில்தான்.

இந்த எண்களைப் பார்ப்பவருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். இவை இயல்நிலைப் பரவலைச் சேர்ந்தவையா? அதாவது நடுவில் கூட்டமாகவும், இருபுறமும் சமமாகச் சரிந்து மெலிந்தும் போகும் அந்த மணி வடிவத்தில் இவை அடங்குமா? பல சிறுசிறு பிழைகள் ஒன்றோடொன்று சேரும் அளவீடுகளில் இந்த வடிவம் அடிக்கடி வரும். அதை நம்பித்தான் ‘சராசரியிலிருந்து இருபுறமும் இரண்டு திட்ட விலக்கத்துக்குள் சுமார் 95 சதவீதம் அடங்கும்’ என்ற கணக்கைப் போடுகிறோம். மணி வடிவம் இல்லாத இடத்தில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

நியூகோமின் 66 எண்களுக்கும் சராசரி 26.2, திட்ட விலக்கம் சுமார் 10.7. அப்படியானால் எண்கள் ஏறக்குறைய 5 முதல் 48 வரை பரவியிருக்க வேண்டும். ஆனால் 40-ஐத் தாண்டி ஒரு எண்கூட இல்லை. கணக்கு சொல்வது ஒன்று, எண்கள் இருப்பது வேறு. எங்கே பிசகியது என்று கண்ணுக்குக் காட்டும் கருவிதான் க்யூ-க்யூ வரைபடம். ‘குவான்டைல்-குவான்டைல்’ என்பதன் சுருக்கம் அது.

இரண்டு வரிசைகள்

குவான்டைல் என்ற சொல்லைக் கண்டு தயங்க வேண்டாம். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால், இத்தனை பங்கு எண்கள் எனக்குக் கீழே இருக்கின்றன என்று சொல்லும் இடம்தான் குவான்டைல். பாதி எண்கள் கீழே இருக்கும் இடம் இடைநிலை அளவு. கால் பங்கு கீழே இருக்கும் இடம் முதல் கால்மானம். பள்ளியில் படித்த அவை இரண்டும் குவான்டைல்களே.

இரண்டு பள்ளிகளில் 66 மாணவர்கள் வீதம் உயர வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பள்ளியின் ஆகக் குட்டையான பிள்ளையை அந்தப் பள்ளியின் ஆகக் குட்டையான பிள்ளைக்கு எதிரே நிறுத்துகிறோம். இரண்டாவதுக்கு எதிரே இரண்டாவது, கடைசியாக நெட்டைக்கு எதிரே நெட்டை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புள்ளி: ஒருவரின் உயரம் கிடையச்சில், மற்றவரின் உயரம் நிலையச்சில். இரு பள்ளிகளிலும் உயரம் ஒரே விதமாகப் பரவியிருந்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டி அமையும். ஒரு பள்ளியில் எல்லோருமே சற்று உயரம் என்றாலும் கோடு மேலே நகருமே தவிர வளையாது. ஒரு பள்ளியில் உயர வேறுபாடு அதிகம் என்றால் கோடு செங்குத்தாகச் சாயும், அப்போதும் வளையாது. இந்த வரைபடத்தின் பலமே இதுதான். சராசரியும் விலக்கமும் என்னவாக இருந்தாலும், வடிவம் ஒன்றுதானா என்பதை மட்டும் அது கேட்கிறது.

இயல்நிலையைச் சோதிக்கும்போது இரண்டாவது பள்ளி உண்மையானதல்ல. கச்சிதமான மணி வடிவத்தில் 66 பேர் இருந்தால் எங்கெங்கே நிற்பார்கள் என்று கணக்கிட்டு நிறுத்தும் கற்பனை வரிசை அது.

நியூகோமின் எண்களை நிறுத்துவோம்

மணி வடிவத்தின் கீழுள்ள பரப்பை 66 சம பங்குகளாக வெட்டி, ஒவ்வொரு பங்கின் நடுவிலும் ஒருவரை நிறுத்துகிறோம். சூத்திரமாகச் சொன்னால், i-ஆவது எண்ணுக்குக் கீழே (i − 0.5)/n பங்கு. முதலாமவருக்கு இது 0.5/66, அதாவது 0.0076. இயல்நிலை அட்டவணையில் பார்த்தால் அந்த இடம் மையத்துக்குக் கீழே 2.43 திட்ட விலக்கம். இரண்டாமவர் −2.00-இல் நிற்பார். நடுவில் இருப்பவர்கள் 0-க்குப் பக்கத்தில், கடைசியில் இருப்பவர் +2.43-இல்.

இனி ஒப்பிட ஒரு கோடு வேண்டும். இதைக் கவனமாகப் போட வேண்டும். சராசரி 26.2, திட்ட விலக்கம் 10.7 என்பதை வைத்துக் கோடு போட்டால், −44 என்ற ஒற்றை எண் கோட்டையே தன் பக்கம் சாய்த்துவிடும். ஒழுங்காக இருக்கும் மற்ற எண்கள்தான் பிசகியவைபோலத் தெரியும். அதனால் கால்மானங்கள் வழியாகக் கோடு போடுவது நல்ல வழக்கம். நியூகோமின் எண்களில் முதல் கால்மானம் 24, மூன்றாவது 30.75. ஓரத்தில் ஒரு எண் எவ்வளவு தூரம் விலகினாலும் இவை இரண்டும் அசையா. இவற்றின் வழியே செல்லும் கோடு நடுவில் 27.4-ஐத் தொட்டு, ஒரு திட்ட விலக்கத்துக்கு 5 வீதம் ஏறுகிறது.

இப்போது மேல் முனையைப் பாருங்கள். ஆகப் பெரிய எண் எங்கே இருக்க வேண்டும்? 27.4 + 2.43 × 5, அதாவது சுமார் 39.5. உண்மையில் இருப்பது 40. அதற்கு முந்தைய எண் 37.4-இல் இருக்க வேண்டும், இருப்பது 39. கோட்டை விட்டு அதிகம் விலகவில்லை. நடுவில் 27.4-க்கு எதிரே 27. கீழிருந்து மூன்றாவது எண் 18.5-இல் இருக்க வேண்டும், இருப்பது 16. இதுவும் பரவாயில்லை. இரண்டாவது 17.4-இல் இருக்க வேண்டிய இடத்தில் −2 நிற்கிறது. முதலாவது 15-க்குச் சற்று மேலே இருக்க வேண்டிய இடத்தில் −44 நிற்கிறது. கோட்டிலிருந்து கிட்டத்தட்ட 60 நானோநொடி கீழே!

64 புள்ளிகள் கோட்டை ஒட்டிப் படுத்திருக்க, இரண்டு மட்டும் இடது கீழ் மூலையில் தனியே தொங்கும் படம் இது. மொத்தத்தில் பரவலே வளைந்தது என்று இதற்குப் பொருள் அல்ல. மணி வடிவம் சரி, இரண்டு அளவீடுகள் மட்டும் வேறு ஏதோ காரணத்தால் வந்தவை என்று பொருள். அவ்விரண்டையும் நீக்கினால் சராசரி 27.75, திட்ட விலக்கம் 5.1. பரவல் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. நியூகோம் −44-ஐ மட்டும் ஒதுக்கிவிட்டு −2-ஐ வைத்துக்கொண்டார். அந்த 65-இன் சராசரி 27.29. எதை ஒதுக்குவது என்ற முடிவை வரைபடம் எடுக்காது. எந்த அளவீட்டின் குறிப்பேட்டைத் திரும்பப் புரட்ட வேண்டும் என்பதைத்தான் அது காட்டும்.

ஆர் மென்பொருளில் இந்தப் படத்துக்கு இரண்டு வரிகள் போதும். இரண்டாவது வரி கால்மானங்கள் வழியாகவே கோடு போடுகிறது.

```
qqnorm(x)
qqline(x)
```

வளைவுகளை வாசித்தல்

முதலில் அச்சுகளைப் பாருங்கள். நம் எண்கள் நிலையச்சிலும் கற்பனை வரிசை கிடையச்சிலும் இருப்பது பெரும்பாலான வழக்கம். சில மென்பொருள்கள் மாற்றிப் போடும். அப்போது வளைவின் பொருளும் தலைகீழாகும்.

வழக்கமான அமைப்பில், புள்ளிகளின் இரு முனைகளும் கோட்டுக்கு மேலே எழும்பிக் கிண்ணம்போல வளைந்தால் பரவல் வலப்புறம் நீண்டது. குடும்ப வருமானம், மருத்துவமனையில் தங்கிய நாட்கள் போன்றவை இப்படித்தான் வரும். பலருக்குக் குறைவு, சிலருக்கு மிக அதிகம். இங்கே எண்களின் மடக்கையை எடுத்து மறுபடி வரைந்தால் பல நேரம் கோடு நிமிர்ந்துவிடும். இடது முனை கோட்டுக்குக் கீழேயும் வலது முனை மேலேயும் போனால், மணி வடிவம் எதிர்பார்ப்பதைவிட அதீத எண்கள் இருபுறமும் அதிகம். பங்குச் சந்தையின் தினசரி ஏற்ற இறக்கம் இதற்கு நல்ல உதாரணம். நடுவில் எல்லாம் ஒழுங்காகத் தெரிவதை நம்பி அங்கே ஆபத்தைக் கணக்கிட்டால், பெருஞ்சரிவுகளைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம்.

புள்ளிகள் படிக்கட்டுபோல வந்தால் பயப்பட வேண்டியதில்லை. நியூகோமின் பட்டியலில் 28 மட்டும் ஏழு முறை வருகிறது. முழு எண்ணாக்கி எழுதினால் ஒரே உயரத்தில் ஏழு புள்ளிகள் படுத்துக்கிடக்கும். அது பரவலின் குறையல்ல, எழுதிய முறையின் தடம்.

‘ஏறக்குறைய’ என்றால் எவ்வளவு?

புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். உண்மையிலேயே இயல்நிலைப் பரவலிலிருந்து எடுத்த எண்கள்கூடக் கோட்டில் கச்சிதமாக உட்காரா. முனைகளில் எண்கள் குறைவு என்பதால் அங்கே ஆட்டம் அதிகம். பத்து எண்களை மட்டும் வைத்து வரைந்தால் எந்த வளைவையும் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

எவ்வளவு ஆட்டம் இயல்பு என்று அறிய ஒரு நேர்மையான வழி உண்டு. உங்களிடம் 66 எண்கள் இருந்தால், இயல்நிலைப் பரவலிலிருந்து 66 எண்களைக் கணினியைக் கொண்டு எடுத்து வரையுங்கள்.

```
qqnorm(rnorm(66))
```

இதைப் பத்து இருபது முறை ஓட்டிப் பாருங்கள். முனைகள் எவ்வளவு அலையும் என்பது கண்ணுக்குப் பழகிவிடும். பிறகு உங்கள் படத்தை அவற்றின் நடுவே வைத்துப் பாருங்கள். கூட்டத்தில் கலந்துவிட்டால் இயல்நிலை என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. தனியே துருத்திக்கொண்டு நின்றால் காரணம் தேட வேண்டும். நியூகோமின் −44 எத்தனை முறை ஓட்டினாலும் கலக்காது.

இந்த முறைக்கு இன்றைய வடிவம் தந்தவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தோடு தொடர்புடைய இருவர். ஒருவர் மார்ட்டின் வில்க். மற்றவர் ராமநாதன் ஞானதேசிகன். இரண்டாவது பெயர் தமிழ் வாசகர்களுக்கு அந்நியமானதல்ல. இருவரும் சேர்ந்து 1968இல் பயோமெட்ரிக்கா இதழில் எழுதிய கட்டுரைதான் க்யூ-க்யூ வரைபடத்தைப் புள்ளியியலாளர்களின் அன்றாடக் கருவியாக்கியது.

கடைசியாக ஒன்று. நியூகோமின் மிச்சமுள்ள 64 எண்களும் கோட்டை ஒட்டி அழகாக நிற்கின்றன. ஆனால் இன்று நாம் ஏற்றிருக்கும் ஒளிவேகத்தை வைத்துக் கணக்கிட்டால், அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய எண் சுமார் 33. அவர் எண்களின் மையமோ 27.75. கருவியில் எங்கோ இருந்த ஒரு பிழை எல்லா அளவீடுகளையும் ஒரே பக்கமாக நகர்த்தியிருக்கிறது. எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து நகர்ந்தால் கோடு வளைவதில்லை. ஆகவே நேர்கோட்டைக் கண்டதும் எண்களின் வடிவம் சரி என்று சொல்லுங்கள். அளவு சரி என்று சொல்லிவிடாதீர்கள்.