வழுக்கும் காலுக்கு இடுப்பில் வைத்தியம்

குறைந்த செலவில் எடுத்த ஒரு முப்பரிமாண அனிமேஷன் தொடரில் பாத்திரம் நடந்து வருகிறது. முகம் நன்றாக இருக்கிறது, உடையின் மடிப்பு நன்றாக இருக்கிறது, கைவீச்சிலும் குறையில்லை. ஆனாலும் பார்க்க ஏதோ உறுத்துகிறது. கீழே பார்த்தால் காரணம் தெரியும். ஊன்றிய கால் ஊன்றிய இடத்தில் நிற்காமல், பாசி பிடித்த படித்துறையில் வைத்ததுபோல முன்னால் வழுக்கிக்கொண்டே போகிறது. ‘ஃபுட் ஸ்லைடிங்’ என்று அனிமேட்டர்கள் சலித்துக்கொள்வது இதைத்தான். பெரும்பாலும் ஒருவருடைய நடையை இன்னொருவர் உடம்புக்கு மாற்றும்போதுதான் இது வருகிறது.

நடையை ஏன் மாற்ற வேண்டும்? ஒவ்வொரு பாத்திரத்துக்கும் புதிதாக நடை செய்ய நாள்கணக்கில் ஆகும். அதனால் ஏற்கெனவே பதிவான நடையை எடுத்துக்கொள்கிறார்கள். அடோபி நிறுவனத்தின் மிக்ஸாமோ தளத்தில் ஆயத்த நடைகள் கிடைக்கின்றன. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் மனிதர்களை நடக்கவிட்டுப் பதிவுசெய்த அசைவுகளை இலவசமாகவே தருகிறது. அந்த அசைவைத் தன் பாத்திரத்தின் எலும்புக்கூட்டுக்கு ஏற்றுவதற்குப் பெயர் ரிடார்கெட்டிங்.

பாத்திரத்தின் உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டில் தொடை, கணுக்கால், முதுகு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எலும்பு உண்டு. அசைவுக் கோப்பில் பெரும்பாலான எலும்புகளுக்குக் கோணம் மட்டுமே எழுதியிருக்கும். 10-ஆவது ஃபிரேமில் தொடை இத்தனை டிகிரி முன்னால், முழங்கால் இத்தனை டிகிரி மடக்கு என்பது போல. உடம்பு எந்த இடத்தில் இருக்கிறது என்ற தகவல் இடுப்பெலும்பு ஒன்றிடம்தான் இருக்கிறது. மிக்ஸாமோ கோப்பில் அதன் பெயர் `mixamorig:Hips`. பாதம் எங்கே இருக்கிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. இடுப்பின் இடமும், அதற்குக் கீழே உள்ள கோணங்களும் சேர்ந்து பாதம் எங்கே போய் விழுகிறதோ, அதுதான் பாதத்தின் இடம்.

கோணத்துக்கு நீளம் கிடையாது. 30 டிகிரி என்பது நெட்டைக் காலுக்கும் குட்டைக் காலுக்கும் 30 டிகிரிதான். இடுப்பின் நகர்வு அப்படியில்லை, அது சென்டிமீட்டரில் அளப்பது. நெட்டையானவரின் நடையில் கோணங்களையும் சென்டிமீட்டர்களையும் அப்படியே எடுத்துக் குட்டையான பாத்திரத்தில் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகாது. வழுக்கல் அங்கேதான் பிறக்கிறது.

ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடந்து காட்டியவர் 175 செ.மீ. உயரமுள்ள ஆள். தொடை மூட்டிலிருந்து கணுக்கால் வரை 84 செ.மீ. அவர் இடது, வலது என்று இரண்டு எட்டு வைத்து முடிக்க, நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் 32 ஃபிரேம் ஆகிறது. அதற்குள் இடுப்பு 140 செ.மீ. முன்னேறுகிறது. நம் பாத்திரம் ஒரு கார்ட்டூன் சிறுமி. பெரிய தலை, தடித்த ஷூ, உயரம் 125 செ.மீ., கால் 56 செ.மீ.

நடக்கும்போது ஒரு கால் ஒரு சுற்றில் சுமார் 60 சதவீத நேரம் தரையில் இருக்கும். அந்த நேரத்தில் பெரியவரின் இடுப்பு 84 செ.மீ. முன்னே போகிறது, ஊன்றிய பாதமும் இடுப்பைப் பொறுத்து அதே 84 செ.மீ. பின்னே வருகிறது. இரண்டும் கழிந்து பாதம் நின்ற இடத்தில் நிற்கிறது. சிறுமியின் கால் நீளம் பெரியவருடையதில் மூன்றில் இரண்டு பங்கு. அதே கோணங்களில் அவள் பாதம் 56 செ.மீ.தான் பின்னே வரும். இடுப்பு மட்டும் பழையபடி 84 செ.மீ. போகிறது. மிச்சம் 28 செ.மீ., ஒவ்வொரு எட்டிலும் அவள் தரையில் சறுக்கும் தூரம். அவள் ஷூவே அதைவிட நீளம் குறைவு.

இதைப் பார்த்ததும் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் செய்வது, பாதத்தைப் பிடித்துத் தரையில் பூட்டுவது. ‘ஐ.கே.’ என்ற வசதி அதற்கு இருக்கிறது. பாதம் எங்கே இருக்க வேண்டும் என்று சொன்னால், முழங்காலும் தொடையும் எவ்வளவு மடங்க வேண்டும் என்று மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் இடுப்பு 28 செ.மீ. கூடுதலாக ஓடும்போது பாதத்தைப் பூட்டினால் கால் எட்டாது. முழுக்க நீண்டு விறைத்துப் பிறகு தரையை விட்டுப் பிய்த்துக்கொள்ளும். வழுக்கல் தெரிவது காலில், மருந்து போட வேண்டியது இடுப்பில்.

மருந்து ஒரு பெருக்கல்தான். 56-ஐ 84-ஆல் வகுத்தால் 0.667. இடுப்பின் முன்னகர்வு, பக்க அசைவு, மேல்கீழ் ஆட்டம் எல்லாவற்றையும் இந்த எண்ணால் பெருக்க வேண்டும். 140 செ.மீ. சுமார் 93 ஆகிவிடும், வழுக்கலில் பெரும்பகுதி அந்த நொடியே மறைந்துவிடும். எதை எதால் வகுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உயரத்தை உயரத்தால் வகுத்தால் 0.714 வரும். சிறுமியின் உயரத்தில் பெரிய தலையும் தடித்த ஷூவும் சேர்ந்திருக்கின்றன, தலையால் யாரும் நடப்பதில்லை. 0.714-ஐப் போட்டால் எட்டுக்கு 4 செ.மீ. வழுக்கல் மிஞ்சும். தொடை மூட்டிலிருந்து கணுக்கால் வரை மட்டும் அளந்தால் போதும்.

ஷூ இன்னொரு வேலையும் வைக்கும். பெரியவரின் கணுக்கால் தரையிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். தரையிலிருந்து இடுப்பின் உயரத்தை 0.667-ஆல் பெருக்கும்போது கணுக்காலும் 5.3 செ.மீ.க்கு இறங்கிவிடும். சிறுமிக்கோ தடித்த அடி காரணமாகக் கணுக்கால் 10 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். எனவே ஷூவின் அடி தரைக்குள் புதைந்து தெரியும். எல்லா ஃபிரேம்களிலும் இடுப்பை ஒரே அளவாக 4.7 செ.மீ. உயர்த்திவிட்டால் தீர்ந்தது.

இத்தனைக்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. இரண்டு எலும்புக்கூடுகளும் ஓய்வு நிலையில் ஒரே மாதிரி நிற்க வேண்டும். ஒன்று கைகளை இருபுறமும் நீட்டியும் மற்றொன்று பாதி தாழ்த்தியும் நின்றால், அந்த வித்தியாசம் நடை முழுவதும் கூடவே வரும். கையில் வந்தால் உடனே கண்ணில் படும். பாதத்தில் வந்தால், குதிகால் நாலைந்து டிகிரி தூக்கிக்கொண்டு நிற்கும், பலருக்கு அது கடைசிவரை தெரிவதில்லை.

பெருக்கல் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு செ.மீ. வழுக்கல் இருக்கும். சிறுமியின் ஷூ அவள் காலுக்குப் பொருந்தாத நீளம், குதிகாலிலிருந்து விரலுக்கு உருளும் தூரம் மாறிப்போகிறது. இப்போதுதான் பாதத்தைப் பூட்டும் நேரம். எந்த ஃபிரேமிலிருந்து எந்த ஃபிரேம் வரை பூட்டுவது என்பதைச் சிறுமியைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, அவள் பாதம்தான் ஏற்கெனவே வழுக்குகிறதே. மூலப் பதிவைப் பார்க்க வேண்டும். பெரியவரின் பாதம் காற்றில் வீசும்போது ஃபிரேமுக்குச் சராசரியாக 11 செ.மீ. நகர்கிறது, ஊன்றியபோது ஒரு செ.மீ.கூட நகர்வதில்லை. தரைக்கு அருகில் இருக்கிறதா, வேகம் அநேகமாகப் பூஜ்யமா என்ற இரண்டு கேள்விகளில் ஊன்றிய ஃபிரேம்கள் தெளிவாகப் பிரிந்துவிடும்.

இந்தக் கேள்விகளைக் குதிகாலுக்கும் விரல்மேட்டுக்கும் தனித்தனியே கேட்பது முக்கியம். மனிதன் நடக்கும்போது முதலில் குதிகால் படுகிறது, பிறகு பாதம் முழுதும் பதிகிறது, பிறகு குதிகால் எழுந்து விரல்மேட்டில் உடம்பு உருள்கிறது. கணுக்காலை மட்டும் ஓர் இடத்தில் பூட்டிவிட்டால் இந்த உருளல் செத்துவிடும், சேற்றில் புதைந்த காலைப் பிடுங்கி நடப்பதாகத் தெரியும். ஆரம்பத்தில் குதிகாலையும், எழும்போது விரல்மேட்டையும் பிடிக்க வேண்டும். பிடியை விடும்போது ஒரே ஃபிரேமில் விடாமல் மூன்று நான்கு ஃபிரேம்களில் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பாதம் துள்ளும்.

இந்தக் கட்டத்தில் எல்லாரையும் படுத்துவது முழங்கால். சிறுமிக்குத் தொடை 28, கீழ்க்கால் 28, மொத்தம் 56 செ.மீ. தொடை மூட்டுக்கும் கணுக்காலுக்கும் இடையே 56 செ.மீ. இருந்தால் கால் நேராக இருக்கும். அந்தத் தூரம் ஒரே ஒரு செ.மீ. குறைந்து 55 ஆனால், முழங்கால் சுமார் 22 டிகிரி மடங்கியாக வேண்டும். ஆனால் கால் ஏற்கெனவே மடங்கி 45 செ.மீ. இருக்கும்போது ஒரு செ.மீ. குறைந்தால் மூன்றரை டிகிரிகூட மாறாது. கால் நேராகும் தறுவாயில் பாதத்தை இம்மியளவு இழுத்தாலும் முழங்கால் வெடுக்கென்று உதறுவது இதனால்தான்.

எளிய வழி, இடுப்பை ஒரு செ.மீ. தாழ்த்தி, கால் முழு நேராவதற்குக் கொஞ்சம் முன்பே நிற்கும்படி செய்வது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோவர், ஷ்ரைனர், கிளைசர் ஆகிய மூவர் 2002-இல் வேறு வழி சொன்னார்கள். தேவைப்படும் ஃபிரேம்களில் கால் எலும்பின் நீளத்தையே சிறிது கூட்டிக்கொள்ளலாம் என்றார்கள். எலும்பு நீள்வதா என்று கேட்கலாம். ஆனால் அரை செ.மீ. நீட்சி திரையில் யார் கண்ணுக்கும் படாது, முழங்கால் உதறல் எல்லார் கண்ணுக்கும் படும். நேர்மையற்ற வழிதான், ஆனாலும் எனக்குப் பிடித்தது இதுவே.

வழுக்கல் போனதா என்று கண்ணால் மட்டும் நம்பாதீர்கள். பிளெண்டரில் `Motion Paths` என்ற வசதி, ஓர் எலும்பு ஃபிரேம்தோறும் இருந்த இடத்தைப் புள்ளிகளாகக் காட்டும். ஊன்றிய நேரத்தில் விரல்மேட்டின் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தால் சரி. கோடாக நீண்டிருந்தால், அந்தக் கோட்டின் நீளம்தான் மிச்சமிருக்கும் வழுக்கல். தரைக்குக் கட்டம் போட்ட படத்தை விரித்து, கேமராவைத் தரையோடு வைத்துப் பார்ப்பதும் உதவும்.

கால் ஊன்றிவிட்டது, ஆனாலும் சிறுமி ஏதோ சோம்பலாக, கனமாக நடப்பதாகத் தோன்றும். அது வேகத்தின் குறை. குட்டைக் கால் இயல்பாகவே விரைந்து எட்டு வைக்கும். எட்டுக்கு ஆகும் நேரம் கால் நீளத்தின் வர்க்கமூலத்தோடு மாறும் என்பது கணக்கு. டைனோசர் எவ்வளவு வேகமாக நடந்திருக்கும் என்று 1976-இல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாண்டர் காலடித் தடங்களை வைத்துக் கணித்தது இதே இயற்பியலைக் கொண்டுதான். 0.667-இன் வர்க்கமூலம் 0.816. 32 ஃபிரேம் சுற்றை 26 ஃபிரேமாகச் சுருக்கினால் அவள் நொடிக்குச் சுமார் 1.08 மீட்டர் நடப்பாள். தூரத்தைத் தொடாமல் நேரத்தை மட்டும் சுருக்குவதால் வழுக்கல் திரும்பி வராது.

வீடியோ கேமில் நடை ஓரிடத்திலேயே ஓட, பாத்திரத்தை நகர்த்துவது கேமின் வேலை. அங்கே இந்த 1.08-ஐ நிரலாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் 1.5 என்று வைத்தால் நீங்கள் செய்த அத்தனையும் வீண்.

இவ்வளவும் செய்தாலும் கிடைப்பது, சிறிய உடம்பில் ஒரு பெரியவரின் நடைதான். இரண்டு வயதுக் குழந்தை கால்களை அகட்டி, கைகளைத் தூக்கிக்கொண்டு நடப்பதை எந்தப் பெருக்கலும் தராது. முழங்காலும் கணுக்காலும் மனிதனைப்போல் அமையாத நாய், கோழி போன்றவற்றுக்கோ கோணங்களே பொருந்தாது. அப்படிப்பட்ட பாத்திரங்களுக்கு நடையைப் புதிதாகச் செய்வதே சிக்கனம்.