அதிபர் அறிக்கையை வாசித்தல்

பரிசளிப்பு விழாவிற் கடவுள் வணக்கமும் வரவேற்புரையும் நிறைவுற்று, பிரதம விருந்தினர்க்கு மாலையுஞ் சூட்டியாயிற்றென்றால், அடுத்து எழுபவர் அதிபர். அவர் கையிற் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் இருக்கும். அவற்றைக் கண்டதும் பின்வரிசைப் பெற்றோர் சிலர் தேநீருக்கு எழுந்து செல்வதும், நடனத்துக்கு ஒப்பனை செய்துகொண்ட சிறுமியர் திரைக்குப் பின்னாற் பொறுமையிழந்து நிற்பதும் யாவரும் அறிந்ததே. ஆயினும் அன்றைய நிகழ்ச்சிகள் அனைத்தினும் பத்தாண்டு கழித்து ஒருவர் தேடி எடுக்கப்போவது அந்தப் பக்கங்களையே. ஆதலின், அதிபர் அறிக்கையின் மொழியைத் திருத்தும் பணி ஆண்டுதோறுந் தமிழாசிரியன் தலையில் விழும் வழக்கத்தினால் யான் கண்டறிந்த சிலவற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

இவ்வழக்கம் ஆங்கிலப் பாடசாலைகளிலிருந்து நமக்கு வந்தது. கண்டியில் 1872ஆம் ஆண்டு தோன்றிய திரித்துவக் கல்லூரி போன்ற மிசன் பாடசாலைகளிலே, பரிசுகளை வழங்க வரும் பெரியார் முன்னிலையிற் கல்லூரித் தலைவர் ஆண்டின் கணக்கை ஒப்புவிப்பது முறையாயிருந்தது. அக்கல்லூரியில் 1904 முதல் 1924 வரை தலைவராயிருந்த பிறேசர் பாதிரியார், சிங்களமும் தமிழும் ஆங்கிலக் கல்லூரியிற் பாடமாக இடம்பெறல் வேண்டுமென நின்றவர் என்பது தமிழாசிரியர் மறக்கொணாத செய்தி. தமிழில் அறிக்கை எழுதும் தேவையோ, 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டமுந் தாய்மொழிப் போதனையும் வந்த பின்னரே நம்மவர்க்குப் பரவலாக ஏற்பட்டது. "திறமைச் சித்தி", "பெறுபேறு", "பரீட்சார்த்தி" என இன்று நம் நாவிற் புழங்குஞ் சொற்கள் அத்தேவை தந்த செல்வமே. அவ்வளவில் வரலாறு நிற்க.

அறிக்கையின் நடுவிடம் கல்விப் பெறுபேறு. அதனுள்ளும் சபையோர் செவிசாய்ப்பது ஓர் எண்ணுக்கே: க.பொ.த. சாதாரண தரத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் சித்தியெய்தினர் என்பது. அவ்வெண் எவ்வாறு பிறக்கின்றதென்பதைப் பலர் வினவுவதில்லை.

முதலிற் "சித்தி" என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். ஒரு பாடத்தில் 35 புள்ளி பெற்றவர் சாதாரண சித்தியும் 50 பெற்றவர் திறமைச் சித்தியும் அடைந்தவராவர். ஆயின் உயர்தர வகுப்பிற் சேர்வதற்கு, முதன்மொழியுங் கணிதமும் உள்ளிட்ட ஆறு பாடங்களிற் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். ஓர் அறிக்கை "சித்தி" என்று மட்டும் சொல்லுமாயின், அஃது ஒரு பாடத்தில் அடைந்த சித்தியா, உயர்தரத்துக்குத் தகுதி தருஞ் சித்தியா என்பது புலப்படாது. இரண்டிற்கும் இடைவெளி பெரிது.

அடுத்து, "நூற்றுக்கு" என்னும்போது எந்த நூறு என்பது. இதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவேன்; எண்கள் விளக்கத்துக்காக யான் அமைத்தவை, எந்தப் பாடசாலையின் கணக்குமன்று. மலைநாட்டுப் பாடசாலையொன்றில் ஆறாம் வகுப்பில் 80 பிள்ளைகள் சேர்ந்தனர் என்க. ஐந்தாண்டு கழித்துப் பதினோராம் வகுப்பு இடாப்பில் 60 பெயர்கள் உள்ளன. பரீட்சை மண்டபத்தில் அமர்ந்தோர் 50 பேர். அவருள் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றோர் 30 பேர். இப்போது அதிபர் மேடையில் நின்று "எமது சித்தி வீதம் 60" என்றால், அது பொய்யன்று. முப்பதை ஐம்பதால் வகுத்தால் அறுபதே வரும். ஆனால் இடாப்பிலுள்ள அறுபதின்மரைக் கொண்டு கணித்தால் 50. ஆறாம் வகுப்பில் வந்த எண்பதின்மரைக் கொண்டு கணித்தால் முப்பத்தேழரை. மூன்று எண்களும் மெய். மூன்றும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை.

எண்பதின்மரைக் கொண்டு கணிப்பது பாடசாலைக்கு அநீதி என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமே. இடையில் நின்ற இருபதின்மருள் எட்டுப் பேர் குடும்பத்தோடு வேறூர் சென்று வேறு பாடசாலையிற் சேர்ந்திருக்கலாம். அவர்களைக் கழித்தால் 72 எஞ்சும். வீதம் ஏறக்குறைய 42 ஆகும். அந்த எண்மர் யாரெனச் சேர்வு இடாப்பும் விடுகைப் பத்திரங்களின் அடிக்கட்டைகளும் காட்டும். விடுகைப் பத்திரம் பெறாமலே மறைந்த மற்றைப் பன்னிருவர்தாம் கேள்விக்குரியோர். பன்வில, மடுல்கெல்லத் தோட்டங்களிற் கற்பித்தவர் எவருக்கும் அப்பன்னிருவர் எங்கே இருப்பரென ஊகிப்பது கடினமன்று. ஒருத்தி கொழும்பில் ஒரு வீட்டில், ஒருவன் கடையொன்றில், மற்றொருத்தி தாய் கொழுந்து பறிக்கச் செல்லத் தம்பியைப் பார்த்துக்கொண்டு லயத்தில். கட்டாயக் கல்வி வயது 1998 முதற் பதினான்கு வரையென இருந்து, 2016ஆம் ஆண்டிற் பதினாறாக உயர்த்தப்பட்டது. ஆகவே, பதினோராம் வகுப்புக்கு முன் நின்றுவிட்ட பிள்ளை, பாடசாலைக்கு வெளியே நிற்க நியாயமில்லாத பிள்ளை. அறிக்கையிலோ அப்பிள்ளைக்கு ஒரு வரியும் இல்லை. வகுக்கும் எண்ணிலிருந்தே நீங்கிவிட்டது.

இன்னும் ஒரு கூற்று. இடாப்பில் இருந்தும் பரீட்சைக்கு வராத பத்துப் பேர். இவருட் சிலர் வரவு போதாமையால் விண்ணப்பிக்காதோர். சிலர் "நீ இவ்வாண்டு எழுதாதே, அடுத்த ஆண்டு எழுது" எனச் சொல்லப்பட்டோர். பின்னையது நல்லெண்ணத்தினாலும் நிகழும். வீதத்தைக் காக்கும் எண்ணத்தினாலும் நிகழும். எதுவெனக் காண எளிய வழி உண்டு. அடுத்த ஆண்டின் பரீட்சார்த்திகள் பட்டியலில் அப்பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்தாற் போதும்.

நல்ல அறிக்கை தகுதி பெறாத இருபதின்மரைப் பற்றியும் பேசும். அவருட் பதின்மூவர் கணிதம் ஒன்றினாலேயே தடைப்பட்டனரெனின், அதனைச் சொல்லல் வேண்டும். சொன்னாற் பழைய மாணவர் சங்கத்தார் எதற்குக் கை கொடுப்பதென அறிவர். கணித ஆசிரியர் வெற்றிடம் எத்தனை மாதம் நிரம்பாதிருந்ததென வலயக் கல்வி அலுவலரும் அவ்விடத்திலேயே கேட்பார். "சில பாடங்களில் முன்னேற்றம் தேவை" என்ற வரியை யான் பலமுறை வெட்டியிருக்கின்றேன். எந்தப் பாடமென்று எழுதாதவிடத்து அவ்வரி காகிதத்துக்குக் கேடு.

ஆண்டு எது என்பதிலும் அண்மைக் காலத்தில் மயக்கம் மிகுந்துவிட்டது. முன்னர் மார்கழியிற் பரீட்சை நடக்கும். அடுத்த ஆண்டு முற்பகுதியிற் பெறுபேறு வரும். பெருந்தொற்றுக்குப் பின் இம்முறை குலைந்து, 2022ஆம் ஆண்டுக்குரிய சாதாரணதரப் பரீட்சை 2023 மே, ஜூன் மாதங்களிலும், 2023ஆம் ஆண்டுக்குரியது 2024 மே மாதத்திலும் நடைபெற்றன. "கடந்த ஆண்டு" என்று மட்டும் எழுதினால் இரு பரீட்சைகளுள் எது என்று பின்னர் எவராலும் துணிய முடியாது. பரீட்சையின் பெயரிலுள்ள ஆண்டையும் நடந்த திங்களையும் எழுதுவதும், மீள்திருத்தத்துக்கு முன்னுள்ள பெறுபேறா பின்னுள்ளதா என்பதைக் குறிப்பதும் மறக்கலாகாது.

உயர்தரத்துக்கு வருவோம். ஈண்டு வீதமே கூடாதென்பது என் துணிபு. விஞ்ஞானப் பிரிவில் நால்வர் எழுதி ஒருவர் பல்கலைக்கழகம் புகுந்தால் அது நூற்றுக்கு 25. மறுவருடம் இருவர் புகுந்தால் 50. "இரட்டிப்பு வளர்ச்சி" என்று கைதட்டல் எழும். நடந்தது ஒரு பிள்ளையின் கூடுதல். நால்வருள் இருவர் என்று சொன்னாற் போதும். அவ்விருவர் பெயரையுஞ் சொல்லலாம்.

அனுமதிக் கணக்கில் நம் பகுதிக்குரிய ஓர் இடர்ப்பாட்டையும் அறிக்கை விளக்கல் தகும். கலைப் பாடநெறிகள் பலவற்றின் முறை வேறு. ஏனைய துறைகளில் நெடுங்காலமாக நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 இடங்கள் மாவட்டப்படியும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் பகிரப்பட்டு வந்துள்ளன. அப்பின்தங்கிய மாவட்டங்களுள் நுவரெலியா உண்டு, பதுளை உண்டு, கண்டி இல்லை. காரணம், கணக்கெடுப்பது மாவட்டத்தையேயன்றித் தோட்டத்தையன்று. ஆகவே, நக்கிள்ஸ் மலையடிவாரத்து லயத்திலிருந்து வருபவன், நகரின் பெருங் கல்லூரிகளில் ஆய்வுகூடமும் தனிப்பட்ட வகுப்பும் வாய்த்தவனோடு ஒரே மாவட்டப் பட்டியலில் நிற்கின்றான். மலையின் மறுபக்கத்து மாவட்டத்திற் போதுமானதாயிருக்கும் ஒரு வெட்டுப்புள்ளி இங்கே போதாதிருத்தல் கூடும். இதனைச் சபையறியச் சொல்லாவிடின், அனுமதி குறைந்தமைக்குப் பிள்ளையின் சோம்பலே காரணமென ஊர் நினைக்கும்.

இறுதியில் நன்றியுரை. இதனைச் சடங்கென எண்ணுவோர் ஆசிரியர் கூடத்தில் ஒருநாளும் அமர்ந்தறியாதவர். பிரதி அதிபர், பகுதித் தலைவர், வகுப்பாசிரியர் என்ற வரிசை எளிது. "அனைவர்க்கும் நன்றி" என்பது அதனினும் எளிது. கடினமாவது, பெறுபேறு வந்த நாளிற் பாடசாலையில் இல்லாத ஆசிரியர். ஒரு வகுப்பு ஆறாண்டு படித்துப் பரீட்சை எழுதுகின்றது. இடமாற்றமோ ஆண்டுதோறும் வருகின்றது. பத்தாம் வகுப்பில் அடித்தளம் இட்டவர் ஒருவர். பரீட்சைக்கு மூன்று திங்கள் முன்னர் வந்து சேர்ந்தவர் மற்றொருவர். மேடையில் இருப்பவர் பின்னவரே.

முன்னர் யான் கற்பித்த ஒரு பாடசாலையில் இது நிகழக் கண்டேன். பாடசாலையின் பெயர் வேண்டா. அறிக்கையின் மொழி திருத்தியவன் யானே. கணிதப் பெறுபேறு உயர்ந்தமைக்காகப் புதிய ஆசிரியர்க்கு நன்றி கூறும் வாக்கியத்தை ஓசை நயத்தோடு அமைத்துக் கொடுத்தேன். அவ்வகுப்பை ஈராண்டு காலை ஆறரை மணிக்கே வந்து பயிற்றிய அம்மையார் முந்திய தவணையில் மாற்றம் பெற்றுச் சென்றிருந்தார். தம் மகள் பரிசு பெறுவதால் அன்று பெற்றோர் வரிசையில் இருந்தார். வாக்கியம் வாசிக்கப்பட்டது, சபை கைதட்டியது, அவருந் தட்டினார். விழா முடிந்தபின் அவரிடஞ் சென்றேன். "பிள்ளைகள் பாஸ் பண்ணிட்டாங்க சேர், அது போதும்" என்றார். குடையை விரித்துக்கொண்டு மகளோடு பேருந்துக்கு நடந்தார்.

அதன் பின்னர் அறிக்கை என் கைக்கு வரும்போது, மொழியைத் தொடுமுன் அலுவலகத்திலிருந்து ஒரு தாளைக் கேட்டு வாங்குவேன். பரீட்சை எழுதிய வகுப்புக்கு ஆறாம் ஆண்டு முதல் ஒவ்வொரு பாடத்தையும் யார் யார் கற்பித்தனரென்ற பட்டியல் அது. பழைய நேரசூசிகளிலிருந்து எழுதுவினைஞர் அதனை ஒரு மாலையில் எடுத்துவிடுவார். அதனோடு ஆய்வுகூடத் துணையாளர், காவலர், கூட்டித் துப்புரவு செய்வோர், பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பு வரை வளர்த்து எம்மிடம் அனுப்பிய தோட்டப் பாடசாலைகளின் பெயர்களுஞ் சேரும். வாசிக்க மூன்று நிமிடம் கூடுதலாகும். திரைக்குப் பின்னால் நிற்குஞ் சிறுமியர்க்கு அது பொறுக்காது. அவர்களுக்கு முன்னதாகவே ஒரு தேநீர் கொடுத்துவிடுகின்றோம்.