போடாத கையெழுத்துக்கும் பொறுப்பு

ஈரோட்டில் நூல் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அண்ணன், தம்பி, தங்கையின் கணவரான மாப்பிள்ளை என்று மூன்று பார்ட்னர்கள். லாப நஷ்டத்தில் அண்ணனுக்கு 50 சதவீதம், தம்பிக்கு 30, மாப்பிள்ளைக்கு 20. கடையைத் தம்பிதான் பார்க்கிறார். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை. பணம் போட்டதோடு சரி. தீபாவளிக்குத் தீபாவளி கணக்குப் பார்ப்பார். மூவரும் கையெழுத்திட்ட பார்ட்னர்ஷிப் டீடில், ‘ஐந்து லட்சத்துக்கு மேல் கடனுக்குச் சரக்கு எடுப்பதானால் மூவரும் கையெழுத்திட வேண்டும்’ என்று தெளிவாக ஒரு ஷரத்து இருக்கிறது.

ஒருநாள் தம்பி, கோயம்புத்தூர் மில் ஒன்றில் 28 லட்சத்துக்கு நூல் எடுக்கிறார். கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஆர்டர், கம்பெனி ஜிஎஸ்டி எண்ணில் பில், சரக்கு இறங்கியதும் கம்பெனி குடோனில். பாதிச் சரக்கை விற்றுப் பணத்தை எங்கோ விட்டுவிடுகிறார். மில்லுக்குப் போக வேண்டிய பணம் போகவில்லை. மில் வழக்குப் போடுகிறது. ‘டீடில் எழுதியிருக்கிறதே, எங்கள் கையெழுத்து இல்லையே’ என்று அண்ணனும் மாப்பிள்ளையும் சொன்னால் எடுபடுமா?

எடுபடாது. ஏன் என்பதற்கான பதில் 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி ஒவ்வொரு பார்ட்னரும் கம்பெனியின் ஏஜென்ட். அந்த வகை வியாபாரத்தில் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியத்தை ஒரு பார்ட்னர் கம்பெனி பெயரில் செய்தால், அது எல்லாரையும் கட்டுப்படுத்தும். நூல் வியாபாரி மில்லில் கடனுக்கு நூல் எடுப்பதைவிட வழக்கமான காரியம் வேறு என்ன இருக்கிறது?

டீடில் உள்ள ஐந்து லட்ச வரம்பு என்ன ஆகும் என்று கேட்கலாம். அது பார்ட்னர்களுக்குள் செல்லும். மில்லுக்கு அந்த வரம்பு தெரிந்திருந்தால் மட்டுமே மில்லையும் கட்டுப்படுத்தும் என்கிறது சட்டத்தின் 20-வது பிரிவு. பீரோவில் வைத்துப் பூட்டிய டீடை மில்காரர் எப்படிப் பார்த்திருப்பார்? வரம்பு வைப்பவர்கள் அதைச் சப்ளையர்களுக்கு ரிஜிஸ்டர் தபாலிலோ ஈமெயிலிலோ முன்கூட்டியே தெரிவித்திருந்தால் கதை வேறு. அப்படித் தெரிவித்தால் மார்க்கெட்டில் பெயர் கெடும் என்று யாரும் செய்வதில்லை. அந்தக் கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை சில சமயம் ஒரு வீடு.

சரி, கம்பெனியில் மிஞ்சியது என்ன? மீதிச் சரக்கு, வசூல் பாக்கி, பாங்க் இருப்பு எல்லாம் சேர்த்து எட்டு லட்சம். அது போக இருபது லட்சம் பாக்கி. அண்ணனின் வீடு ஏற்கெனவே பாங்க் அடமானத்தில். தம்பி பெயரில் ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்குக் கோபிச்செட்டிப்பாளையத்தில் அப்பா விட்டுப்போன வீடு ஒன்று வில்லங்கம் இல்லாமல் இருக்கிறது. மில்லின் வக்கீல் எந்தச் சொத்தைப் பார்ப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

‘எனக்குப் பங்கு 20 சதவீதம்தான், நான்கு லட்சம் கொடுத்துவிடுகிறேன்’ என்று மாப்பிள்ளை சொல்ல முடியாது. கம்பெனியின் கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தும் பொறுப்பு. 25-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதாவது முழு இருபது லட்சத்தையும் ஒரே ஆளிடம் வாங்கிக்கொள்ள மில்லுக்கு உரிமை உண்டு. லாபத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பது கடன் கொடுத்தவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். தொழிலைத் திரும்பிப் பார்க்காத ‘ஸ்லீப்பிங் பார்ட்னர்’ என்பதும் சம்பந்தமில்லாதது. தூங்குகிறவருக்கு இந்தச் சட்டம் எந்தச் சலுகையும் தரவில்லை. வரிக் கணக்குக்காகவோ மூலதனத்துக்காகவோ மனைவி, அம்மா பெயர்களைப் பார்ட்னராகச் சேர்க்கும் குடும்பங்கள் இதைக் கவனிப்பதே இல்லை. அவர்களுடைய சீதனச் சொத்து வரை இந்தப் பொறுப்பு நீளும்.

இருபது லட்சத்தையும் மாப்பிள்ளையே கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். டீடின் விகிதப்படி அவர் தாங்க வேண்டியது நான்கு லட்சம். மீதி 16 லட்சத்தில் அண்ணனிடம் பத்தும் தம்பியிடம் ஆறும் கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு. டீடை மீறிச் சரக்கு எடுத்ததற்காகத் தம்பியிடம் அதற்கு மேலும் கேட்க வாதம் இருக்கிறது. ஆனால் மில் அவரைத் தேடி வந்ததே மற்ற இருவரிடமும் எதுவும் இல்லாததால்தான். அவர்களிடம் கேட்கும் உரிமை காகிதத்தில் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கம்பெனி பதிவு செய்யப்படாததாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பதிவில்லாத கம்பெனி, வியாபார ஒப்பந்தத்தை வைத்து வெளியாட்கள் மேல் வழக்குப் போட முடியாது. அதன் பார்ட்னர்களும் டீடை வைத்து ஒருவர் மேல் ஒருவர் வழக்காட முடியாது. கம்பெனியைக் கலைத்துக் கணக்கு முடிக்கக் கேட்கலாம். ஆனால் மில் வழக்குப் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. பதிவுக்குச் சோம்பல்பட்டால் அடி ஒருபக்கமாகவே விழும்.

இதைப் படித்துவிட்டுப் பார்ட்னர் எதைச் செய்தாலும் நம் தலையில் விழும் என்று நினைக்க வேண்டாம். எல்லைகள் உண்டு. அதே தம்பி, சொந்த வீட்டுக்கு மொட்டை மாடி போட பத்து லட்சம் கைமாற்று வாங்கி, தன் பெயரிலேயே பிராமிசரி நோட்டு எழுதிக் கொடுத்திருந்தால், அந்த நோட்டை வைத்துக் கம்பெனியைக் கேட்க முடியாது. கம்பெனி பெயரில், அல்லது கம்பெனிக்காகத்தான் என்று தெரியும் விதத்தில் செய்தால்தான் அது மற்றவர்களைக் கட்டுப்படுத்தும். அவர் கம்பெனி குடோனைத் தனியாகக் கிரயம் செய்துவிடவும் முடியாது. அசையாச் சொத்து வாங்குவது, விற்பது, கம்பெனிக்கு வர வேண்டிய பாக்கியை விட்டுக்கொடுப்பது, கம்பெனிக் கணக்கைச் சொந்தப் பெயரில் பாங்கில் தொடங்குவது போன்றவை, வேறு வியாபார வழக்கம் இல்லாவிட்டால், தனி ஒரு பார்ட்னரின் அதிகாரத்துக்குள் வராது என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது.

கடன் வாங்கும் அதிகாரம் தொழிலைப் பொறுத்து மாறும். சரக்கு வாங்கி விற்கும் வியாபாரத்தில் பணம் புரட்டுவது தினசரி வேலை. அதனால் எந்தப் பார்ட்னரும் கம்பெனி பெயரில் கடன் வாங்கலாம் என்று கோர்ட்டுகள் எடுத்துக்கொள்கின்றன. வக்கீல் ஆபீஸ், ஆடிட்டர் ஆபீஸ், டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் கிளினிக் போன்றவற்றில் அப்படி இல்லை. 1914-இல் இங்கிலாந்து கோர்ட் ஒன்றில் சினிமா தியேட்டர் நடத்திய பார்ட்னர்களின் வழக்கு வந்தது. படம் காட்டுவது சரக்கு வாங்கி விற்கும் வியாபாரம் அல்ல, ஆகவே ஒரு பார்ட்னர் தானாக வாங்கிய கடன் மற்றவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது. நம் கோர்ட்டுகளும் இந்தப் பிரிவினையையே பின்பற்றி வருகின்றன.

செக் திரும்பி வந்த கிரிமினல் வழக்கையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பணத்துக்குப் பார்ட்னர் என்ற ஒரே காரணம் போதும்; ஜெயிலுக்கு அது போதாது. அன்றாட நிர்வாகத்துக்குப் பொறுப்பாக இருந்தார், அல்லது சம்மதத்தோடோ அலட்சியத்தாலோ நடந்தது என்று காட்ட வேண்டும்.

மில்லின் வழக்கு பெரும்பாலும் கம்பெனி பெயரிலேயே வரும். ஒரு பார்ட்னரிடம் சம்மன் கொடுத்தாலே கம்பெனிக்குக் கொடுத்ததாகும். ஆனால் உங்கள் கைக்கே, பார்ட்னர் என்ற முறையில் ஒரு சம்மன் வந்தால், அதன் பொருளே வேறு. டிக்ரி ஆனபின் உங்கள் சொந்த வீட்டை ஜப்தி செய்ய மில்லுக்கு வழி திறந்துவிடும். தனியாகச் சம்மன் தராத பார்ட்னரின் சொந்தச் சொத்தைத் தொட மில் மறுபடி கோர்ட்டில் அனுமதி கேட்க வேண்டும். ‘நான் பார்ட்னரே இல்லை’ என்று அங்கே அவர் வாதாடலாம். டிக்ரித் தொகை சரியா தப்பா என்ற பழைய வழக்கை, மோசடியாக வாங்கிய டிக்ரி என்றால் ஒழிய, அங்கே மறுபடி தொடங்க முடியாது. ஆகவே வழக்கு நடக்கும்போதே போய் நிற்பதுதான் சரி.

மாப்பிள்ளை இரண்டு வருடம் முன்பே ‘எனக்கு வேண்டாம்பா’ என்று பணத்தை வாங்கிக்கொண்டு விலகியிருந்தால்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மூவரும் விலகல் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. பொது அறிவிப்பு வேண்டும். பதிவான கம்பெனியாக இருந்தால் பதிவாளருக்கு நோட்டீஸ், அரசிதழில் ஒரு விளம்பரம், கம்பெனி இருக்கும் மாவட்டத்தில் விற்பனையாகும் உள்ளூர் மொழி நாளிதழ் ஒன்றிலாவது ஒரு விளம்பரம், மூன்றும் தேவை. பதிவில்லாததாக இருந்தால் கடைசி இரண்டும். இவை நடக்காமல் இருந்தால், அவர் விலகிய பிறகு தம்பி எடுத்த சரக்குக்கும் அவர் பொறுப்பாகலாம். அவர் பார்ட்னராக இருந்ததே தெரியாமல் மில் சரக்குக் கொடுத்திருந்தால் தப்பலாம், ஆனால் அதை நம்பி யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. இறந்துபோன பார்ட்னரின் நிலை வேறு: அவர் இறந்தபின் ஏற்பட்ட கடனுக்கு அவர் சொத்து பொறுப்பல்ல, அறிவிப்பு கொடுக்காவிட்டாலும்.

பொது அறிவிப்பு எதிர்காலக் கடனைத்தான் நிறுத்தும். விலகும் நாளுக்கு முன் வாங்கிய சரக்கின் பாக்கி ஒட்டிக்கொண்டே இருக்கும். ‘பாக்கியெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று அண்ணனும் தம்பியும் எழுதிக் கொடுத்தது மில்லைக் கட்டுப்படுத்தாது. மில்லும் சம்மதித்து விடுவித்தால்தான் விடுதலை.

ஜிஎஸ்டிக்குக் கணக்கே தனி. விலகிய பார்ட்னர் அந்தத் தேதியைக் கமிஷனருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தெரிவிக்காவிட்டால், கடிதம் போய்ச் சேரும் நாள் வரையிலான வரி, வட்டி, அபராதத்துக்கு அவர் பொறுப்பில் நிற்பார்.

பாங்க் கடனுக்கு ஏற்கெனவே சொந்த உத்தரவாதக் கையெழுத்து போட்டிருந்தால் பேப்பர் விளம்பரம் அதை அசைக்காது. இனி கொடுக்கும் கடனுக்கு உத்தரவாதம் இல்லை என்று பாங்குக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். அதுவரை நின்ற பாக்கிக்குப் பாங்கிடமிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை பாங்கைப் பொறுத்தவரை நீங்கள் கடன்காரர்தான்.